ஒரு சென்டிமீட்டர் கழுத்தும் 118 மெயிலும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசிங் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் நடந்த ஒரு தவறையும், அதன் காரணத்தைத் தேடிப் போனபோது தெரியவந்ததையும் எழுதி வைக்கிறேன். தவறு செய்தவரைத் 'தம்பி' என்றே சொல்கிறேன். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவது.

ஜெர்மனி பையர் ஒருவரின் குழந்தைகள் டீ-சர்ட் ஆர்டர். மூன்று கலர், மொத்தம் 12,000 பீஸ். பிபி சாம்பிள், அதாவது உற்பத்தி தொடங்கும் முன் கடைசியாக அனுப்பும் மாதிரி, போய்ச் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை மதியம் பையரிடமிருந்து பதில் வந்தது. சாம்பிள் ஓகே, ஆனால் முன்கழுத்து இறக்கம் அதிகமாக இருக்கிறது, எல்லா சைஸிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்துவிட்டு கட்டிங் போடுங்கள் என்று எழுதி, திருத்திய அளவுப் பட்டியலையும் இணைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பழைய அளவிலேயே கட்டிங் ஓடியது. செவ்வாய் மாலை தையல் லைனில் அளவு பார்க்கும் பெண்தான் கண்டுபிடித்தார். அவரிடம் புதிய அளவுத்தாள் எப்படி இருந்தது என்றால், குவாலிட்டி பிரிவு அதே மெயிலைத் தனியாக எடுத்துப் பிரிண்ட் போட்டிருந்தது. அதற்குள் 2,100 முன்பக்கத் துண்டுகள் வெட்டியாகிவிட்டது. கழுத்து ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டிவிடலாம். இறங்கிய கழுத்தை ஏற்ற முடியாது. கட்டிங் மாஸ்டர் பெரிய சைஸ் துண்டுகளில் பேட்டர்னைக் கீழே இறக்கி வைத்து, சின்ன சைஸாகக் கொஞ்சம் மீட்டுக் கொடுத்தார். மீதிக்குத் துணி மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. தூத்துக்குடியில் அந்த வாரக் கப்பல் போய்விட்டது.

தம்பியிடம் கேட்டேன். "மெயில் வந்ததே தெரியலீங்கண்ணா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மெயில் வியாழன் மதியம் 2:50 வாக்கிலேயே அவர் போனில் திறக்கப்பட்டிருந்தது.

நிர்வாகத்தின் முதல் முடிவு, இனி இப்படி நடக்கக்கூடாது என்று ஒரு புது வாட்ஸ்அப் குரூப் தொடங்கியது. பெயர் 'பிபி அப்ரூவல் அர்ஜென்ட்'. அதை ஆரம்பித்தவன் நான்தான். மெயில் தவறுகிறதா, அதை வாட்ஸ்அப்பிலும் போடு. வாட்ஸ்அப் தவறினால் போன் செய். எல்லா ஆபீஸிலும் இதே வைத்தியம்தான். தம்பி ஏற்கெனவே பதினாறு குரூப்பில் இருந்தார், இது பதினேழாவது.

பத்து நாள் கழித்து, ஒரு கேர் லேபிளில் மொழி மாறிப்போய் அச்சுக்கு முந்தைய நிமிடத்தில் பிடிபட்டது. அதுவும் தம்பியின் ஆர்டர்தான். ஆறு வருடமாக ஒரு தவறும் செய்யாத ஆள். அன்று சாயங்காலம் கேண்டீனில் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார்: "காலைல வந்ததுல இருந்து ஒரு நிமிஷம் சும்மா இருக்கறதில்லீங்ணா. ஆனா வீட்டுக்குப் போறப்ப இன்னிக்கு என்ன முடிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியல. எப்பவும் ஏதோ பாக்கி வச்சுட்டு ஓடற மாதிரியே இருக்கு." அதற்கு மேல் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவர் சம்மதத்தோடு இரண்டு நாள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். கையில் இருக்கும் வேலையை விட்டு வேறெதையாவது பார்க்கும்போதெல்லாம் ஒரு கோடு போடுவேன். எது அவரை இழுத்தது என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுவேன்.

செவ்வாய்க்கிழமைக் கணக்கு இது. வந்த மெயில் 118. அதில் தம்பி ஏதாவது செய்தே ஆகவேண்டியவை 27. மீதி எல்லாம் சிசி. நம் ஊரில் சிசி என்பது தகவல் சொல்வதற்காக இல்லை, நாளைக்குப் பிரச்சினை வந்தால் 'உங்களுக்கும் தெரியுமே' என்று சொல்வதற்காக. நான் போட்ட கோடுகள் 86. அவர் தொடர்ந்து ஒரே வேலையில் இருந்த அதிகபட்ச நேரம் 11 நிமிடம். அதுவும் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது.

லேபிள், ஹேங்டேக், பாலிபேக்கிற்கான பர்ச்சேஸ் ஆர்டர் போடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருபது நிமிட வேலை. 10:05-க்குத் தொடங்கினார். சைஸ் வாரியாக எண்ணிக்கையை அடிக்க ஆரம்பித்து மூன்றாவது சைஸுக்கு வரும்போது திரையின் மூலையில் மெயில் பெட்டி எட்டிப் பார்த்தது. சாய ஆலையின் டெலிவரி சலான், சிசி. திறந்தார், மூடினார், ஐந்து நொடிதான். ஆனால் எக்ஸெலுக்குத் திரும்பவில்லை. சலானில் இருந்த கிலோ கணக்கு குறைவாகத் தெரிந்தது, அதைச் சரிபார்க்க நிட்டிங் ரிப்போர்ட்டைத் திறந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் பட்டன் சப்ளையர் ஒரு போட்டோ அனுப்பினார். அதற்குப் பதில் அடிக்கும்போது நான் கூப்பிட்டேன், அன்றைய ஷிப்மென்ட் நிலவரம் கேட்க. பக்கத்திலேயே நோட்டுடன் உட்கார்ந்திருந்த நானேதான். எக்ஸெலுக்கு அவர் மறுபடி வந்தது 10:38-க்கு. எந்த சைஸில் விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து சரிபார்த்தார். பர்ச்சேஸ் ஆர்டர் 3:40-க்குப் போனது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் இதே மாதிரி அலுவலகங்களில் ஆட்களின் பின்னால் நின்று நேரம் குறித்தவர். 'ஒருமுறை கவனம் சிதறினால் திரும்ப 23 நிமிடம் ஆகும்' என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது இவர் ஆய்வைத்தான். ஆனால் பெரும்பாலோர் அதைத் தப்பாகச் சொல்கிறார்கள். மூளை மறுபடி சூடேற அத்தனை நேரம் ஆகிறது என்று அர்த்தம் இல்லை. விட்ட வேலைக்கு வந்து சேர அத்தனை நேரம் ஆகிறது, ஏனென்றால் நடுவில் வேறு இரண்டு வேலைகளுக்குள் போய்விடுகிறோம். சலான், நிட்டிங் ரிப்போர்ட், பட்டன் போட்டோ, அப்புறம் நான். தம்பியின் 33 நிமிடம் போனது அப்படித்தான். மெயில் தின்றது ஐந்து நொடி மட்டுமே.

86 கோடுகளில் 37-க்குப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. எழுத எதுவும் இருக்கவில்லை. டிங் என்று சத்தம் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவரே போனை எடுத்துப் பார்த்தார். குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதி நாமே நமக்குச் செய்துகொள்வது என்று மார்க்கின் ஆய்வுகளும் சொல்கின்றன. முதலில் மணி அடித்துப் பழக்குகிறது, பிறகு மணி இல்லாமலே கை போகிறது. நோட்டிஃபிகேஷனை அணைத்தால் போதும் என்று நான் நினைத்திருந்தது அங்கேயே அடிபட்டுப் போனது.

சரி, அந்த வியாழக்கிழமை மெயிலுக்கு வருகிறேன். தம்பி அதை எப்படித் திறந்தும் பார்க்காமல் போனார்?

இதைக் கேட்டபோது அவர் வேலை செய்யும் முறையை விளக்கினார். தனியாக வேலைப் பட்டியல் எதுவும் அவர் வைத்துக்கொள்வதில்லை. இன்பாக்ஸ்தான் பட்டியல். தடித்த எழுத்தில் இருந்தால் செய்யவேண்டியது, மெலிந்துவிட்டால் முடிந்தது. நாள் முடிவில் தடித்த எழுத்து ஏதும் இல்லை என்றால் நிம்மதியாகக் கிளம்பலாம். ஆறு வருடமாக இது நன்றாகவே நடந்தது, ஏனென்றால் அப்போது மெயிலைக் கம்ப்யூட்டரில் மட்டும், உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தார். பிறகு ஆபீஸ் மெயில் போனுக்கு வந்தது. வியாழன் 2:50-க்கு அவர் லேபிள், பட்டன் மாதிரி சாமான்கள் வைக்கும் டிரிம்ஸ் ஸ்டோரில் கார்ட்டன் எண்ணிக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது, பையர் பெயர் தெரிந்தது, தொட்டார். முதல் வரி 'சாம்பிள் அப்ரூவ்டு' என்ற பொருளில் இருந்தது. நிம்மதியாகப் போனைப் பையில் போட்டார். கழுத்து விஷயம் நான்காவது வரியில்.

அந்த ஒரு தொடுதலில் மெயில் எல்லா இடத்திலும் 'படித்தது' ஆகிவிட்டது. மேஜைக்கு வந்தபோது அது மெலிந்த எழுத்தில், மற்ற சிசிகளுக்கு நடுவே, கீழே போய்க்கொண்டிருந்தது. நோட்டிஃபிகேஷன் நேரத்தைத் தின்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். எங்கள் ஆபீஸில் 2,100 துண்டுகளை வீணாக்கியது அது இல்லை. அரைகுறையாகப் படிக்க வைத்து, அதோடு 'இன்னும் செய்யவில்லை' என்ற ஒரே அடையாளத்தையும் அழித்துவிட்டதுதான்.

'எப்பவும் பாக்கி' என்ற உணர்வும் இதிலிருந்தே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மெலிந்த எழுத்தை நம்ப முடியாது என்று தம்பியின் மனசுக்கு எங்கோ தெரிந்திருக்கிறது. படித்தவற்றில் எதில் என்ன மிச்சம் என்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் அந்த 37 தடவை சும்மாவே போனை எடுத்துப் பார்த்தார். ராத்திரி சாப்பிடும்போதும் எடுத்தார். முடிக்காமல் விட்ட வேலையின் எண்ணம் அடுத்த வேலைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வந்து அதைக் கெடுக்கும் என்று சோஃபி லெராய் 2009-ல் சோதனை செய்து எழுதியிருக்கிறார். தம்பி ஒரு நாளில் 86 தடவை அப்படி விட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன், இது எங்கள் தொழிலுக்கே உரியது. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. அவர்கள் ஆபீஸ் மூடும்போது நமக்கு இரவு எட்டரை, ஒன்பதரை. அதாவது தம்பி களைத்துக் கிளம்பும் நேரத்தில் பையர் மெயில் உச்சத்தில் இருக்கும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாளை காலியாக முடிக்க முடியாத அமைப்பு இது. ஆனால் தம்பி காலை ஒன்பதரைக்கு வந்ததும் முதல் வேலையாக ராத்திரி மெயில்களுக்கு அவசர அவசரமாகப் பதில் அடிப்பார். யாருக்கு? அங்கே ஆபீஸ் திறந்திருக்கவே இல்லை. ஒன்பதரைக்கு அனுப்பினாலும் பன்னிரண்டுக்கு அனுப்பினாலும் பையர் பார்ப்பது ஒரே நேரத்தில்தான். பையர் சத்தமே இல்லாத மூன்று மணி நேரத்தை நாங்கள் தினமும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மாற்றியவை அதிகம் இல்லை.

முதலில் மேஜைக் கம்ப்யூட்டரில் அவுட்லுக்கின் File, Options, Mail பக்கத்தில் Display a Desktop Alert என்பதில் டிக்கை எடுத்தோம். போனில் ஆபீஸ் மெயிலின் அறிவிப்பை நிறுத்தினோம். குரூப்களை மியூட் செய்தோம். பிறகு ஒரு ரூல் போட்டோம்: where my name is not in the To box என்ற நிபந்தனை பொருந்தும் மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போய்விடும். பையர் நிறுவனங்களின் முகவரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் பையர்கள் சில சமயம் முக்கியமானதையும் சிசியில் போடுவார்கள். சிசி ஃபோல்டரைச் சாயங்காலம் ஒரு தடவை மேலோட்டமாகப் பார்ப்பது.

மெயில் பார்ப்பது மூன்று வேளை. காலை 11:30-லிருந்து ஒரு மணி நேரம், ராத்திரி மெயில்களுக்கான பதில்கள். மதியம் 3:30. மாலை 6:00. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை பர்ச்சேஸ் ஆர்டர், துணி எவ்வளவு வேண்டும் என்ற கன்சம்ப்ஷன் கணக்கு மாதிரி எண் பிசகினால் பணம் போகும் வேலைகள்.

உண்மையில் தவறைத் தடுப்பது இதற்கு அடுத்தது. இன்பாக்ஸ் இனி பட்டியல் இல்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியவேண்டும் என்று காட்டும் ஏற்கெனவே உள்ள டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட் இருக்கிறது. பையர் எதை மாற்றினாலும் அதில் ஒரு வரி ஏறும். அளவு மாறினால் புதிய தாளைப் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, கட்டிங் மாஸ்டர் கையில் கொடுத்து, பழைய தாளை அவர் முன்னால் கிழிக்க வேண்டும். கிழிப்பது நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் பழைய தாள் மேஜையில் கிடந்தால் யாராவது அதைப் பார்த்து வெட்டிவிடுவார்கள். வெளியில் இருக்கும்போது போனில் மெயிலைத் திறந்தே ஆகவேண்டி வந்தால், மூடும்போது 'படிக்காதது' என்று மாற்றிவிட்டுத்தான் மூடவேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கு Ctrl+U.

ஃப்ளோரிலிருந்து அவசரம் என்றால் போன் செய்யலாம் என்று எல்லாருக்கும் சொன்னோம். மெசேஜ் என்றால் அடுத்த வேளையில்தான் பார்ப்பார்.

முதல் வாரம் நன்றாகப் போகவில்லை. முதல் இரண்டு நாள் நான் பாதித் தெரிந்த உற்சாகத்தில் மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நாள் முழுக்க நிறுத்தச் சொல்லிவிட்டேன், வேளைக் கணக்கே பிறகுதான் வந்தது. தம்பிக்குக் கை நடுங்காத குறை. டீ குடிக்கப் போகிறேன் என்று போய்ப் படிக்கட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது நான் முன்பே படித்திருக்க வேண்டிய விஷயம். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 237 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நோட்டிஃபிகேஷன்கள் நாளைக்கு மூன்று தடவை மொத்தமாக வந்தவர்களுக்குக் கவனமும் மனநிலையும் நன்றாக இருந்தன. அடியோடு நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்கவில்லை, எதையோ தவற விடுகிறோம் என்ற பதற்றம்தான் கூடியது. எப்போது வரும் என்று தெரிந்தால் மனசு காத்திருக்கும். வருமா என்றே தெரியாவிட்டால் தேடும்.

மூன்றாவது நாள் சாய ஆலையில் ஒரு தகராறு. மொத்தத் துணிக்கு ஏற்றிய நிறம், அதாவது பல்க் ஷேட், சரியா என்று கேட்டு ஆலைக்காரர் குரூப்பில் போட்டோ போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் மிஷினை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். அவருடைய கோபம் நியாயமானது, இந்த ஏற்பாட்டின் எல்லை அங்கேதான் இருக்கிறது. மிஷின் காத்திருக்கும் விஷயத்தை வேளைக்குள் அடக்க முடியாது. (போன் போட்டோவைப் பார்த்து ஷேட் ஓகே சொல்வதே தப்பு, லைட் பாக்ஸில் துணியை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது வேறு கதை.) இப்போது ஷேட்டுக்கு அவர் நேராகப் போன் செய்கிறார், துணி பைக்கில் வருகிறது.

நிர்வாகத்திலிருந்தும் கேள்வி வந்தது. "பத்து நிமிஷமா மெசேஜ் பார்க்கலை, பையன் சீட்டில் இருக்கானா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். இருக்கிறார் ஐயா, வேலை செய்கிறார் என்றேன். நோட்டைக் காட்டியபோது அவர் முதலில் தேடியது தன் பெயரை. ஐந்து கோடு. எனக்குப் பதினான்கு, பெரும்பாலும் 'ஸ்டேட்டஸ்?' என்ற ஒற்றை வார்த்தை மெசேஜ்கள். வெளியாட்கள் யாருக்குமே என் அளவுக்குக் கோடு இல்லை. எனக்கு வேண்டிய தகவல் அத்தனையும் சார்ட்டில் இருக்கிறது, திறந்து பார்க்கச் சோம்பல், அவ்வளவுதான். இப்போது திறந்து பார்க்கிறேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை நோட்டுடன் உட்கார்ந்தேன். மெயில் 124, குறையவில்லை, குறையவும் போவதில்லை. கோடுகள் 39. சத்தம் இல்லாமல் அவரே போனை எடுத்தது 12. அதிகபட்சத் தொடர் நேரம் 48 நிமிடம். டிரிம்ஸ் ஆர்டர் ஒன்று 25 நிமிடத்தில் போனது. வீட்டுக்குக் கிளம்பும் நேரம் மட்டும் கிட்டத்தட்ட அதேதான், ஜெர்மனியின் கடிகாரத்தை நாங்கள் மாற்ற முடியாது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததாலேயே அவர் ஒழுங்காக இருந்திருக்கலாம், அந்த அளவுக்கு இந்த எண்களைத் தள்ளிப் பார்க்கவேண்டும். ஒரே ஆள், மூன்று நாள் கணக்கு.

மன அழுத்தம் குறைந்ததா என்பதில் ஆய்வுகளே ஒரே குரலில் பேசவில்லை. குஷ்லெவ், டன் இருவரும் 2015-ல் 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு மூன்று தடவை மட்டும் மெயில் பார்க்க வைத்தபோது அழுத்தம் குறைந்தது. அடுத்த வருடம் மார்க் குழுவினர் அலுவலகத்தில் பார்த்தபோது, மெயிலை மொத்தமாகப் பார்ப்பவர்களுக்கு அழுத்தம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தம்பியிடம் கேட்டேன். "மெயிலைப் பார்க்காம இருக்கறதால ஒண்ணும் இல்லீங்ணா. எது பாக்கின்னு சார்ட்ல இருக்குன்னு தெரியறதால ராத்திரி போனை எடுக்கத் தோணல. சீசன் வந்தா எப்படின்னு தெரியல" என்றார். சீசன் வந்தபோது இரண்டு வாரம் எல்லாம் பழையபடி ஆனது. சார்ட் மட்டும் நின்றது.

அந்த ஜெர்மனி பையரின் அடுத்த ஆர்டரிலும் பிபி சாம்பிளுக்குத் திருத்தம் வந்தது, இம்முறை ஸ்லீவ் நீளம், ஐந்தாவது வரியில். 3:30 வேளையில் தம்பி பார்த்தார், ஐந்து மணிக்குக் கட்டிங் மாஸ்டர் பழைய தாளைத் தானே வாங்கிக் கிழித்தார்.

'பிபி அப்ரூவல் அர்ஜென்ட்' குரூப்பைக் கலைக்க நான் இன்னும் மறந்துகொண்டே இருக்கிறேன். இன்று காலையும் அதில் பேக்கிங் செக்ஷனிலிருந்து யாரோ ரோஜாப்பூவுடன் குட் மார்னிங் போட்டிருந்தார்கள்.